சீராக வந்த சிமெண்ட் தொட்டிகள்

என் வாய் சும்மா இருந்திருந்தால் எங்கள் மொட்டை மாடிக்கு அந்த ஆறு சிமெண்ட் தொட்டிகளும் வந்திருக்காது. ஆகவே கதையை வாயிலிருந்து தொடங்குவதுதான் முறை.

என் பெண்ணின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மனை. அதில் கிணற்று உறை, செப்டிக் டேங்க் உறை என்று சிமெண்ட் வளையங்களும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியும் வார்த்து விற்பார். பரம்பரையாக விவசாயம் செய்தவர்கள். நிலம் பிளாட்டாகிப் போன பிறகு மிச்சம் இருந்த மண்ணில் சிமெண்டைக் கலந்து பிழைத்தவர்கள். நானோ தெற்கேயிருந்து வந்து ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸில் பாதி வயதைக் கழித்துவிட்டு, அம்பத்தூரில் முக்கால் கிரவுண்டில் வீடு கட்டத் தொடங்கியிருந்தவன். மண்டபத்தில் பெரியவர்கள் சீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு கொஞ்சம் இறுக்கமாகப் போனது. அதைத் தளர்த்துவது என் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

“நீங்க கேக்கறதெல்லாம் செஞ்சிடறோம். பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டு சீரா ஒரு செப்டிக் டேங்க் உறை அனுப்பிச்சிடுங்க. எங்க வீட்ல கக்கூஸ் வேலை பாதியில நிக்குது” என்றேன்.

மண்டபம் சிரித்தது. எங்கள் பக்கம் சிரித்தது, அவர்கள் பக்கமும் சிரித்தது, சமையற்காரர் கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். சம்பந்தி மட்டும் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். நான் அதையும் ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து முதல் ஆடிக்கு அழைத்துவந்தபோது பெண் சொன்னாள். சமையலறையில் அவள் அம்மாவிடம் சொல்வதுபோல, கூடத்தில் இருந்த எனக்குக் கேட்கும்படி சொன்னாள். மாமா அவளை ஒரு சொல் சொன்னதில்லை, தங்கமாகத்தான் நடத்துகிறார். ஆனால் வீட்டில் யார் எதற்குச் சிரித்தாலும் சாப்பிடும் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்கிறார். பிறகு மருமகளைப் பார்க்கிறார்.

“அந்த வீட்ல நான் இருக்கணும்பா. இனிமே அவர்கிட்ட நல்லதா ஏதாவது சொல்றதா இருந்தா மட்டும் வாயைத் தெறங்க.”

எனக்குக் காது சுட்டது. பதிலாக ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அதை எச்சிலோடு விழுங்கினேன். அவ்வளவு கசப்பான ஜோக்கை நான் அதற்கு முன் ருசித்ததில்லை.

இனி மாடி. முக்கால் கிரவுண்டில் வீடு போக எனக்கு மிஞ்சிய நிலத்தில் ஒரு சைக்கிளை நிறுத்தலாம், அதுவும் ஹேண்டில்பாரைத் திருப்பி. எனவே காய்கறித் தோட்டம் போடுவதென்றால் மாடிதான். என் வேலை ஸ்டோர்ஸில். எந்தச் சாமானாக இருந்தாலும் நிறுத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். அந்தத் திமிரோடு ஒரு பரிசோதனை நடத்தினேன். ஒரே பாத்தியில் முளைத்த கத்தரி நாற்றுகளை எடுத்து மண்பானையில் ஒன்று, காலி பெயிண்ட் பக்கெட்டில் ஒன்று, நர்சரியில் வாங்கிய பெரிய பாலித்தீன் பையில் ஒன்று என்று நட்டேன். அதே மண், அதே எரு, அதே தண்ணீர். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப்போய் விளக்கம் சொல்வேன். சிலர் வேறு தெரு வழியாக ஸ்டேஷனுக்குப் போகத் தொடங்கினார்கள்.

மண்பானையில் செடி சிரித்தது. பானையின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் வெயிலிலும் வேர்மண் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அதே கசிவினால் அக்கினி நட்சத்திரத்தில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி தலையைத் தொங்கப் போட்டது. பானையும் கனம். ஆனால் அடி உருண்டை, ஒரு நாள் பூனை தாண்டியதில் உருண்டு உடைந்தது. உடைந்ததும் நல்லதாயிற்று, வேரைப் பார்க்க முடிந்தது: பானைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வலை பின்னியிருந்தது.

பிளாஸ்டிக் பக்கெட் இறகு மாதிரி லேசு. தண்ணீர் காயாது. ஆனால் நான் போட்டது ஒரே ஓட்டை. அது அடைபட்டதும் மழையில் செடி கால் ஊறி மஞ்சளாயிற்று. இன்னும் ஓட்டைகள் போட்டேன். கோடையில் பக்கெட்டின் மேற்குப் பக்கம் கையை வைத்தால் தோசைக்கல். அந்தப் பக்கத்து வேரெல்லாம் வெந்து பழுப்பாகியிருந்தது. கோடை முடிவில் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். விளிம்பு மட்டும் அப்பளம் மாதிரி கையோடு வந்தது.

பாலித்தீன் பை எல்லாவற்றையும்விட லேசு, மலிவு. ஆனால் அதுவும் மூச்சு விடாது. வேர் அடியில் போய் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றது, கதவு தெரியாத விருந்தாளி மாதிரி.

சிமெண்டை நான் பரிசோதனையிலேயே சேர்க்கவில்லை. மாடிக்குச் சிமெண்டா என்று சிரித்துவிட்டேன். இந்தச் சிரிப்பு யார் காதுக்கும் போகவில்லை என்பது என் வாழ்வின் சில நல்லூழ்களில் ஒன்று.

அதற்கடுத்த பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. சம்பந்தி முன் சீட்டிலிருந்து இறங்கினார். பின்னால் ஆறு சிமெண்ட் தொட்டிகள். விளிம்பில் தாமரை இதழ் வார்த்து, காவி வண்ணம் அடித்து, ஒன்றோடொன்று இடித்து உடையாமல் இருக்க இடையிடையே காலி சிமெண்ட் சாக்குகளைத் திணித்துக் கட்டியிருந்தார்.

நான் மாடித் தோட்டம் போடுவதை மருமகள் சொன்னாளாம். அச்சு புதிதாகச் செய்து, இரண்டு முறை உடைத்து, மூன்றாம் முறை சரியாக வந்ததாம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“அன்னிக்கு நீங்க உறை கேட்டீங்க. உறைய சீருன்னு குடுத்தா நல்லாவா இருக்கும் சம்பந்தி? அதான் இத்த கொண்டாந்தேன். பூப்போட்டு கீது பாருங்க.”

எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டிலிருந்துதான் சீர் போகும். எதிர்த்திசையில் வந்த சீரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. என் கேலியை அந்த மனிதர் வீட்டுக்கு எடுத்துப்போய், இத்தனை மாதம் அடை காத்து, அதிலிருந்து தாமரைப் பூ பொரித்துக் கொண்டுவந்திருக்கிறார். என் பெண் அவருக்குப் பின்னால், டெம்போவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாடிக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன கெடைக்கும் சம்பந்தி? பிரமாதம்” என்றேன்.

மாடிக்கு இதைவிடப் பொருந்தாத பொருள் ஒன்று உண்டென்றால் அது ரயில் எஞ்சின். காலித் தொட்டியைத் தூக்கவே இரண்டு ஆட்கள், கயிறு, கழி. படியேறும்போது வீடு அதிர்ந்தது. மாடியின் நடுவில் வட்டமாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும் என்றார் சம்பந்தி. அழகாகத்தான் இருந்தது. என் மனைவிதான், நடுவில் துணி உலர்த்த வேண்டும் என்று சொல்லி, ஆறையும் ஓரச் சுவரின் மேல் பாரம் விழும்படி தள்ளி வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல் கொடுத்தாள். தொட்டி நேராக மாடியின் தட்டோட்டில் உட்கார்ந்தால் அடி ஓட்டை அடைபட்டு, கசிகிற தண்ணீர் தளத்தில்தான் இறங்கும். டெம்போ போன பிறகு என்னிடம் வந்தாள்.

“மேல ஆறு யானைக்குட்டியக் கட்டி வச்சிருக்கீங்க. இதுக்கு மண்ணும் போட்டு, தண்ணியும் ஊத்தணும். கீழ நாம படுக்கணும்.”

நான் கேட்கவில்லை. சீரை மதிக்க வேண்டுமே. புதுச் சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் இருக்கும், வேரைச் சுடும் என்பது தெரிந்ததால் அடி ஓட்டையில் துணியைத் திணித்துத் தண்ணீர் நிரப்பி, வடித்து, நிரப்பி, வடித்து, இரண்டு வாரம் ஊறவைத்தேன். பிறகு ஒரு தொட்டியில் மட்டும் மண் நிரப்பி நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அப்போதுதான் ஸ்டோர்ஸ்காரனுக்கு ஸ்டோர்ஸ்காரன் செய்யக்கூடாத தப்பு உறைத்தது. மாதக்கணக்காகப் பானையையும் பக்கெட்டையும் பையையும் காலியாகத்தான் நிறுத்துப் பார்த்து லேசு, கனம் என்று தீர்ப்பு எழுதியிருந்தேன். உண்மையான கனம் ஈர மண். காய்ந்த மண்ணே கனம். நனைந்தால் குடித்த தண்ணீரையும் சேர்த்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டியின் கனம் அதற்கு மேல் கொசுறு. மற்றவற்றில் கொசுறு கையளவு, சிமெண்டில் கொசுறே ஒரு மூட்டை அரிசி. நானும் மனைவியும் சேர்ந்து தள்ளினோம். தொட்டி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்து நாளில் நாற்றின் இலையும் வெளுத்தது.

என் தளமோ பணம் தீர்ந்த கோடையில் போட்டது. எத்தனை கம்பி போட்டேன் என்பது எனக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் தெரியும். அந்த மண்ணை வாளி வாளியாக அள்ளி எடுத்தேன்.

ஆனால் மண் இருந்தது, நாற்று இருந்தது, மூலையில் அந்தச் சாக்குகள் இருந்தன. தொட்டிகளுக்கு நடுவே மெத்தையாக வந்த காலி சிமெண்ட் சாக்குகள். பிளாஸ்டிக் இழையில் நெய்தவை. உள்ளே வெளியே திருப்பி, ஒட்டியிருந்த சிமெண்ட் போகும்வரை அலசிக் காயவைத்தேன். வாயைப் பாதி வரை மடித்துவிட்டு, அடியில் நாலு துளை போட்டு, மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, காய்ந்த இலையும் உமியும் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பினேன். நனைந்த பிறகும் ஒரு ஆள் தூக்கி நகர்த்த முடிந்தது. அதிகப்படித் தண்ணீர் நெசவு வழியே கசிந்து போயிற்று. அதே வழியே காற்று உள்ளே போனது. சாக்கின் சுவரைத் தொட்ட வேர் அங்கேயே நுனி காய்ந்து நின்றுவிட, பின்னாலிருந்து புது வேர்கள் கிளைத்தன, வட்டமடிக்கவில்லை. வெயில் இழையைத் தின்றுவிடும், ஒரு கோடைக்கு மேல் தாங்காது. அதற்கென்ன, வேறு சாக்கு மாற்றிக்கொள்ளலாம். இப்போது இதையே குரோ பேக் என்று பச்சை நிறத்தில் தைத்துக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகில் ஒரு கூச்சம் ஓடும். காரணம் இனிமேல்தான்.

கத்தரியும் வெண்டையும் பிய்த்துக்கொண்டு காய்த்தன. ஆக, சீராக வந்ததை ஓரம் கட்டிவிட்டு, சீரைச் சுற்றி வந்ததில் பயிர் செய்துகொண்டிருந்தேன். பெண் பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசினாள். மாமா ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் செடி வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சம்பந்தி, கனம் ஜாஸ்தி, தரையில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. ஆனால் இந்த வாயிலிருந்து உறை, தொட்டி, சிமெண்ட் என்று எந்தச் சொல் வந்தாலும் அது கேலியாகத்தான் அவர் காதில் விழும் என்று பயந்தேன். நிறையப் பேசிப் பெயரெடுத்தவனுக்கு ஒரு சாதாரண வாக்கியம் பேச வழியில்லாமல் போவது இப்படித்தான். ஞாயிறு காலை ஒவ்வொரு சாக்கையும் தூக்கி ஒவ்வொரு தொட்டிக்குள் இறக்கினேன். அச்செடுத்தாற்போல் பொருந்தியது. விளிம்பு ஓரத்து இடுக்கில் வைக்கோலைத் திணித்து மேலே ஒரு பிடி மண்ணைத் தூவினேன். தாமரை இதழுக்குள்ளிருந்து கத்தரிச் செடி எழுந்து நின்றது.

“கூத்து மேடையில சாமான் எடுத்து வைக்கிறாங்க” என்றாள் மனைவி, துணியை உதறிக்கொண்டே.

சம்பந்தி செடியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. என் பெண்ணின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்துக்காக எத்தனை சாக்கு வேண்டுமானாலும் தூக்கலாம் என்று தோன்றிற்று. தூக்கவும் செய்தேன். அவர் போனதும் சாக்குகள் வெளியே வரும், அவர் வருகிறார் என்றால் உள்ளே போகும். கத்தரிச் செடிகள் டவுன் பஸ் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையில் கேட்டவர்களிடம், தோட்ட வேலை என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் அவர் தனியாக வரவில்லை. பூந்தமல்லியில் புதிதாக வீடு கட்டிய ஒருவரை அழைத்துவந்தார். பள்ளிக்கூட வாத்தியார், வீட்டுக்கடன் வாங்கிக் கட்டியவர். அவருடைய மாடிக்கு இருபது தொட்டி கேட்கிறார். தன் சரக்கில் செடி எப்படி வருகிறது என்பதற்குச் சம்பந்தி காட்ட ஒரே இடம் எங்கள் வீட்டு மாடி.

வாத்தியார் என்னைத்தான் கேட்டார். சாருக்கு ஒரு வருஷ அனுபவம் இருக்கிறதே, மாடி தாங்குகிறதா, இருபது வைக்கலாமா என்று. என் பெண் படிக்கட்டு வாசலில் நின்றாள். தாங்கும் என்றால் ஒரு மனிதனின் கூரையில் இருபது யானை ஏறும். தாங்காது என்றால் என் பெண் இன்றைக்கு எந்த முகத்தோடு சென்னீர்குப்பம் போவாள்? நான், “அது வந்து, சார்” என்றேன். மறுபடியும், “அது வந்து” என்றேன். நாற்பது வருஷம் ஓயாமல் ஓடிய வாய் சரியாக அந்த இடத்தில் நின்றுபோனது.

நான் சுணங்குவதைப் பார்த்து, கூச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, சம்பந்தி எனக்கு உதவிக்கு வந்தார். நம் தொட்டியில் ஈரம் எப்படி நிற்கிறது பாருங்கள் என்று சொல்லியபடி தொட்டியின் ஓரத்தில் விரலை மண்ணுக்குள் விட்டார். விரல் போயிற்று. கை போயிற்று. மணிக்கட்டும் போயிற்று. வெளியே வந்த கையில் மண் இல்லை, இரண்டு வைக்கோல். அவர் மறுபடி கையைவிட்டு எதையோ பிடித்து லேசாக மேலே இழுத்தார். சாக்கின் மடித்த விளிம்பு தலை நீட்டியது. அதில் பாதி அழிந்த நீலக் கோடு, அவர் மனையில் எண்ணிக்கைக்காகச் சாக்குகளில் போடுகிற கோடு.

வாத்தியார் அந்தப் பக்கம் வெண்டைக்காயைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். மாடித் தளத்தில் விரிசல் ஏதாவது விழுந்தால் உள்ளே போய்விடலாம் என்று அன்றைக்குத்தான் உண்மையாக விரும்பினேன்.

சம்பந்தி சாக்கின் விளிம்பைத் திரும்ப உள்ளே மடித்தார். வைக்கோலை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். மேலே மண்ணை இழுத்துவிட்டுத் தட்டினார். நான் காலையில் செய்ததைவிட ஒழுங்காகச் செய்தார். பிறகு எழுந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வாத்தியாரே, இது தரைக்குதான் சரி. உங்க காம்பவுண்டு ஓரமா நாலு வெச்சிக்கோங்க. மாடிக்கு வேணாம், கனம் தாங்காது.”

“சார் மாடியில வச்சிருக்காரே.”

“அவுருக்கு நான் சீரா குடுத்தேன். சீர யாராச்சும் வேணாம்னுவாங்களா?”

வாத்தியார் சிரித்தார். சம்பந்தியும் கூடச் சிரித்தார், அவர் சிரிப்பு வாத்தியார் படியிறங்கும்வரை மட்டும் இருந்தது. என் பெண் வாத்தியாருக்குக் காப்பி கொடுக்கக் கீழே போனாள். மாடியில் நாங்கள் இருவரும், ஆறு தொட்டிகளும்.

மன்னிப்பு என்று ஒரு சொல்லைத் தேடினேன். என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் சிரிக்கவைக்கப் பழக்கியவை, ஒன்றும் அந்த வேலைக்கு உதவவில்லை. அவர்தான் பேசினார், செடியைப் பார்த்துக்கொண்டு.

“மண்டபத்துல சிரிச்சீங்க. அது போவட்டும், எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. இது தனியா சிரிக்கிற மாதிரி கீது சம்பந்தி.”

“சிரிக்கலை. பயந்துட்டேன்.”

“என்னப் பாத்தா?” அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “கனமா கீதுன்னு சொன்னா நான் இன்னா பண்ணப்போறேன்? மாடி தாங்கலன்னா நீங்கதான சொல்லணும்? இருவது வருசமா உறை தூக்குறேன். அது கனம்னு எனக்குத் தெரியாதா?”

தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தொழிலை நான் கேலி செய்ததெல்லாம் போக, அவருக்கு அவர் தொழில் தெரியாது என்று வேறு முடிவு கட்டி வைத்திருந்திருக்கிறேன். மண்டபத்து ஜோக்கைவிட அது பெரிய அவமரியாதை. சொல்லப்போனால் இன்றும் எனக்கு வலிப்பது அந்த இடம்தான்.

பிறகு அவர் ஒரு கத்தரிக்காயைப் பறித்து முகர்ந்து பார்த்தார். சாக்கில் என்ன மண் கலந்தேன் என்று கேட்டார். சொன்னேன். உமி எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அந்தப் பேச்சில் நான் எதையும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் டெம்போ வந்தது. தொட்டிகளை இறக்கி, வீட்டு வாசலில் இரண்டு போக, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது ஓட்டுநர் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார்: அலசி, காயவைத்து, மடித்து, சணலால் கட்டிய சாக்குகள். மேலே ஒரு வெற்றிலை பாக்கு. சீர் என்று அனுப்பியிருந்தார். என் மனைவி தட்டில் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பெண்ணைப் பார்க்கச் சென்னீர்குப்பம் போனேன். மனையின் முன்னால் சம்பந்தி ஒரு பலகையில் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். கிணற்று உறை, செப்டிக் உறை, மாட்டுத் தொட்டி, பூந்தொட்டி. கடைசி வரியின் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘தரைக்கு மட்டும்’ என்று புதிதாகச் சேர்த்திருந்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. பின்னால் கொடியில் அலசிய சாக்குகள் வரிசையாகத் தொங்கின. பூந்தமல்லி வாத்தியார் பத்து எடுத்துப் போனாராம், தொட்டி நாலு வாங்கினதற்குச் சம்பந்தி சும்மா கொடுத்தாராம்.

“எழுத்து நேரா கீதா சம்பந்தி?”

எழுத்து கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அதற்கு என்னிடம் மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன, ஒன்று மிகவும் நல்லது. என் பெண் காப்பித் தம்ளரோடு வாசலுக்கு வந்து, பழக்கப்படி முதலில் அவர் முகத்தையும் அப்புறம் என் வாயையும் பார்த்தாள்.

“கடைசி வரி லேசா எறங்குது” என்றேன். “மத்தபடி நல்லா இருக்கு.”

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று துணியால் துடைத்துத் திரும்ப எழுதத் தொடங்கினார். என் பெண் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, காத்திருக்காமல் உள்ளே போனாள்.